நன்றியுரை: ஐந்து அட்டைகள், நான்கு நிமிடங்கள்

கருத்தரங்கின் கடைசி நிகழ்வாக நன்றியுரை என்று அறிவித்ததுமே அரங்கத்தில் ஒரு சத்தம் எழும். பைகளின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம். காலையிலிருந்து மூன்று உரைகள், ஒரு செய்முறை, ஒரு கேள்வி நேரம் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள், இனி தங்களுக்கு இங்கே வேலையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். மைக்கைப் பிடித்து நிற்கும் மாணவிக்கும் அது தெரியும். அதனால் கையிலிருக்கும் இரண்டு பக்கத் தாளை வேகவேகமாக வாசிக்கத் தொடங்குவார். வேகமாக வாசிக்க வாசிக்கப் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நன்றி பெற வேண்டியவருக்கே தன் பெயர் வந்துபோனது தெரியாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் ஒரே ஆலோசனை, "சுருக்கமாக முடித்துவிடு" என்பது. இந்த ஆலோசனை எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. எதைச் சுருக்குவது என்று யாரும் சொல்வதில்லை என்பதால், மாணவர்கள் பெயர்களை வெட்டுகிறார்கள். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டவர் போய்விடுவார், கையேட்டை அச்சிட்டுத் தந்தவர் போய்விடுவார், "மற்றும் அனைவருக்கும்" என்ற இரண்டு சொல் அவர்கள் இடத்தில் வந்து உட்காரும். அப்படி வெட்டிய பிறகும் உரை ஆறு நிமிடம் ஓடும். ஏன் என்று அந்தத் தாளையே எடுத்துப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது.

தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்" என்று ஒரு வால் இருக்கும். நிதானமாகச் சொன்னால் அதற்கு மட்டும் நான்கு வினாடி. பதினைந்து பேருக்குப் பதினைந்து முறை சொன்னால் ஒரு முழு நிமிடம் போயிற்று. பெயருக்கு முன்னால் "பல்வேறு பணிகளுக்கிடையிலும் தமது பொன்னான நேரத்தை ஒதுக்கி" என்ற தலையும் சேர்ந்தால் இன்னொரு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தில் கேட்பவருக்குப் புதிதாக ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. நன்றியுரையை நீளமாக்குவது இந்தத் தலையும் வாலும்தான். பெயரும், அந்தப் பெயருக்குரியவர் செய்த வேலையும் உண்மையில் மிகக் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்கின்றன.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "அவர்களுக்கும், அவர்களுக்கும், அவர்களுக்கும்" என்று எட்டுப் பெயரை அடுக்கிவிட்டு ஒன்பதாவதாக "நன்றி" என்று வரும்போது, முதல் பெயர் காதிலிருந்து நழுவிவிட்டிருக்கும். கண்ணால் படிக்கும்போது இது உறுத்தாது, காதால் கேட்கும்போதுதான் தெரியும். அதனால் ஒரு வாக்கியத்தில் மூன்று "க்கும்" போதும், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லோடு வாக்கியம் முடியலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பெயர்கள் எங்கிருந்து வர வேண்டும்

நன்றியுரை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அழைப்பிதழில் மேடையில் அமர்பவர்கள் இருப்பார்கள், பின்னால் நின்று வேலை செய்தவர்கள் இருக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக, கருத்தரங்குக்கு வரும் ஒரு பங்கேற்பாளரின் நாளை வாசலிலிருந்து நடந்து பார்க்கலாம். வாயிற்கதவில் வழி சொன்னது யார்? பதிவு மேசையில் பெயரைத் தேடிக் கொடுத்தது யார்? கையில் கிடைத்த கோப்பையும் கையேட்டையும் யார் அச்சிட்டார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரங்கத்தை முந்தின நாள் மாலையில் கூட்டித் துடைத்தது யார்? ப்ரொஜெக்டர் நின்றுபோனபோது ஓடி வந்தது யார்? மதிய உணவை வரிசையாகப் பரிமாறியது யார்? ஊரிலிருந்து வந்த பேச்சாளரை அழைத்து வந்த ஓட்டுநர் யார்? சான்றிதழில் பெயர்களைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தது யார்? இப்படி மாலை வரை நடந்து முடித்தால், எந்தக் குழுவின் பட்டியலிலும் இல்லாத ஐந்தாறு பேர் கட்டாயம் கிடைப்பார்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது கடிதக் கோப்பு. அரங்கம் கேட்டு ஒரு கடிதம், வகுப்புகளிலிருந்து மாணவர்களை அனுமதிக்கக் கேட்டு ஒரு கடிதம், ஆய்வகத்தைத் திறந்து வைக்கக் கேட்டு ஒரு கடிதம் என்று நிறையப் போயிருக்கும். அதில் ஒப்பமிட்டுச் சம்மதம் தந்த ஒவ்வொருவரும் நன்றிக்குரியவர். மூன்றாவது, ரசீதுக் கோப்பு. யார் காசு வாங்காமல் செய்து கொடுத்தார்கள் என்பது அங்கே ரசீது இல்லாததிலிருந்தே தெரியும். பேனர் இருக்கிறது, பேனருக்கு ரசீது இல்லை என்றால் யாரோ கொடுத்திருக்கிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வேலையை நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் முடித்துவிட்டால், "யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்" என்ற வாக்கியம் தேவைப்படாது. அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. விடுபட்டவருக்கு அது ஆறுதல் தருவதில்லை. தன்னைத் தேட யாரும் முயலவில்லை என்பதைத்தான் அது அவருக்கு உறுதிப்படுத்துகிறது.

வெளியிலிருந்து வந்தவர்கள் முதலில்

வரிசையில்தான் சச்சரவு வரும். வழக்கமான தாளில் நிர்வாகம், முதல்வர், துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர் என்று பதவி இறங்குவரிசையில் தொடங்கி, பேச்சாளர்கள் நடுவில் எங்கோ வருவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தினரை வழியனுப்பும்போது வீட்டுப் பெரியவருக்கு முதலில் நன்றி சொல்வதைப் போன்றது இது. என் முடிவு தெளிவானது: வெளியிலிருந்து வந்தவர்கள் முதலில், உள்ளே இருப்பவர்கள் பிறகு. அதாவது பேச்சாளர்கள், பிறகு புரவலர்கள், பிறகு கல்லூரியும் துறையும், பிறகு தன்னார்வலர்களும் பணியாளர்களும், கடைசியில் அவையோர். இந்த ஐந்துக்கும் ஐந்து அட்டைகள்.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. வெளியிலிருந்து வந்தவர்கள்தான் ரயிலையோ பேருந்தையோ பிடிக்க வேண்டியவர்கள். நன்றியுரையின் மூன்றாவது நிமிடத்தில் அவர்கள் எழுந்து போக நேர்ந்தாலும், அவர்களுக்குரிய நன்றி சொல்லப்பட்டிருக்கும்.

ஆனால் சில கல்லூரிகளில் பதவி வரிசை மீறப்பட்டால் வாசித்த மாணவர்தான் பேச்சு வாங்குவார், வரிசையை மாற்றச் சொன்னவர் அல்ல. அதனால் வரைவை முந்தின நாளே ஒருங்கிணைப்பாளரிடம் காட்டிவிட வேண்டும். அவர் நிர்வாகம்தான் முதலில் வர வேண்டும் என்றால், மூன்றாவது அட்டையை முதலில் வைத்தால் தீர்ந்தது. அந்த அட்டை ஒரே வாக்கியமாக இருக்கும்வரை எங்கே வைத்தாலும் உரை கெடாது. நான்கு பதவிக்கு நான்கு பத்தி எழுதினால்தான் கெடும்.

பேச்சாளருக்கு அரங்கத்தில் எழுதும் வாக்கியம்

நன்றியுரையை முழுவதும் முன்கூட்டியே எழுதி முடித்துவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. பேச்சாளர்களுக்கான அட்டையில் பெயரும் பட்டமும் மட்டும் முந்தின நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு வரி காலியாக இருக்க வேண்டும். அந்த இரண்டு வரியை அவர் பேசும்போது அரங்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் நிரப்ப வேண்டும். நன்றியுரை சொல்பவரை உணவுக் குழுவிலோ பதிவு மேசையிலோ போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். அவர் எல்லா உரைகளையும் கேட்டாக வேண்டும். கேட்காதவர் எழுதும் வாக்கியம் "மிக அருமையான, பயனுள்ள உரையை வழங்கினார்" என்று மட்டும்தான் இருக்க முடியும். அந்த வாக்கியத்தை உரை நடக்கும் முன்பே எழுதிவிடலாம் என்பது பேச்சாளருக்கும் தெரியும்.

எதைக் குறித்துக்கொள்வது? முடிவுரையை வேண்டாம், அதை அவரே இருமுறை சொல்லியிருப்பார். அவர் கையால் செய்து காட்டியது, ஒரு கேள்விக்குச் சொன்ன பதில், அரங்கம் ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்த இடம், இவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று. இரண்டு எடுத்தால் உரையின் சுருக்கமாக மாறிவிடும். பிறகு மூவருக்கும் மூன்று சுருக்கம், நன்றியுரை ஒரு வகுப்பாகிவிடும்.

நிலத்தடி நீரின் தரம் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் பேச்சாளர் நீர் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றிப் பேசுகிறார். கரைந்த ஆக்சிஜனை அளக்க எடுக்கும் புட்டியில் காற்றுக்குமிழி தங்கக் கூடாது என்று சொல்லி, ஒரு புட்டியை விளிம்பு வரை நிரப்பி மூடிச் சாய்த்துக் காட்டுகிறார். பிற்பகல் செய்முறையில் மாணவர்கள் ஒவ்வொருவரும் புட்டியைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். நன்றியுரை சொல்பவர் இதைக் கவனித்திருந்தால் வாக்கியம் தானாக வரும்:

"காலை அமர்வில் பேசிய முனைவர் …… அவர்களுக்கு நன்றி. புட்டியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது என்று நீங்கள் சாய்த்துக் காட்டினீர்கள். பிற்பகலில் ஆய்வகத்தில் இருந்த அத்தனை பேரும் புட்டியை மூடியதும் சாய்த்துப் பார்த்தார்கள்."

இதில் "அருமை" என்ற சொல்லே இல்லை. ஆனால் தன் பேச்சு கேட்கப்பட்டது, அது கைக்கு வந்து சேர்ந்தது என்று பேச்சாளருக்குத் தெரிகிறது. பையை மூடிக்கொண்டிருந்த மாணவரும் நிமிர்ந்து பார்ப்பார், ஏனென்றால் புட்டியைச் சாய்த்தவர்களில் அவரும் ஒருவர். இரண்டாவது பேச்சாளர் கரைந்த மொத்தத் திடப்பொருள் காட்டும் மீட்டரைப் பற்றிப் பேசியிருந்தால், "மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது என்ற ஒரு வாக்கியத்தை எங்கள் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டோம்" என்று போதும்.

எண்களில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். குடிநீரில் ஃப்ளோரைடுக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பேச்சாளர் அதைச் சரியாகத்தான் சொல்லியிருப்பார். பென்சில் புள்ளி மங்கி, மேடையில் "பதினைந்து" என்று வாசித்தால், நன்றி சொல்ல வந்த இடத்தில் அவர் உரையையே தவறாக்கியதாகிவிடும். எழுந்து திருத்தவும் அவருக்குச் சங்கடம். எண் வேண்டுமென்றால் எழுத்தால் எழுதிக்கொண்டு இடைவேளையில் அவரிடமே காட்டிச் சரிபார்க்கலாம். அதற்கு நேரமில்லை என்றால் எண்ணில்லாத இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதுபோலவே பேச்சாளர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடக் கூடாது. "நிறைவாகப் பேசிய முனைவர் …… அவர்களின் உரைதான் இன்றைய சிகரம்" என்றால் மற்ற இருவர் அடிவாரத்தில் நிற்பதாக ஆகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கியம், ஏறக்குறைய இருபத்தைந்து வினாடி. இந்தச் சமநிலை மிக முக்கியம். ஒருவருக்கு ஒரு நிமிடமும் இன்னொருவருக்குப் பத்து வினாடியும் போனால், அவையில் எல்லோருக்கும் அது தெரியும்.

வருவதாக இருந்தவர் வராமல் போய், அவருக்குப் பதில் இன்னொருவர் பேசுவதும் நடக்கும். பழைய பெயர் அட்டையில் அப்படியே இருந்து வாய்க்கு வந்துவிடுவதுதான் இங்கே நேரும் விபத்து. மாற்றம் தெரிந்த உடனே பழைய பெயரை முழுவதும் கறுப்பாக அடித்துவிட வேண்டும், மேலே சிறு கோடு போட்டால் போதாது. பதில் வந்தவருக்குச் சொல்லும் நன்றியில் "குறுகிய அவகாசத்தில் ஒப்புக்கொண்டு" என்பதைச் சேர்க்கலாம். வராதவரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அவர் தன் ஸ்லைடுகளை அனுப்பி உதவியிருந்தால் அதை ஒரு சொற்றொடரில் சொல்லலாம்.

புரவலர்கள்

இங்கே உணர்ச்சிக்கு இடம் குறைவு, துல்லியத்துக்கு இடம் அதிகம். ஒவ்வொரு புரவலரிடமிருந்தும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேடையில் எந்தப் பெயரில் சொல்ல வேண்டும், அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது, பெயரைச் சொல்லவே வேண்டாம் என்று விரும்புகிறார்களா. கடைப்பலகையில் ஒரு பெயரும் பதிவில் ஒரு பெயரும் இருக்கும். எழுத்துச் சுருக்கத்தைச் சிலர் எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள், சிலர் ஒரே சொல்லாகச் சொல்வார்கள். பெயர் தெரியாமல் கொடுக்க விரும்புபவரும் உண்டு. அவர் பெயரை மேடையில் சொல்லிவிட்டால் அவர் கேட்டிருந்த ஒன்றே ஒன்றையும் நாம் செய்யவில்லை என்றாகிறது.

தொகையைச் சொல்லக் கூடாது, என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். "பொருளுதவி செய்த" என்பதைவிட "அறுபது மாணவர்களின் பதிவுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்ட" என்பது தெளிவானது. தொகை சொன்னால் கொடுத்தவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு தெரியும். செயலைச் சொன்னால் ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாக நிற்கும். நம் உதாரணக் கருத்தரங்கில் இந்த அட்டை இவ்வளவுதான்:

"இன்றைய செய்முறைக்குப் பன்னிரண்டு மீட்டர்களை இரவல் தந்த …… நிறுவனத்துக்கும், கையேட்டை அச்சிட்டுத் தந்த …… அச்சகத்துக்கும், அறுபது மாணவர்களின் பதிவுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்ட முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் நன்றி. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பிற்பகல் அமர்வு வெறும் பேச்சாக முடிந்திருக்கும்."

வரிசை எது? முதன்மைப் புரவலர், துணைப் புரவலர் என்று முன்பே பிரித்து ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வரிசை. எல்லோரும் ஒரே நிலை என்றால் பேனரில் இருக்கும் வரிசையையே பின்பற்றலாம். பேனரில் ஒன்றும் மேடையில் வேறொன்றுமாக இருந்தால்தான் கேள்வி வரும். நிறுவனத்தின் விளம்பர வாசகத்தை வாசிக்கும்படி கேட்டால், அதைத் திரையில் சின்னத்தோடு போட்டுவிட்டு உரையில் பெயரை மட்டும் சொல்வது நல்லது. புரவலர் நிறுவனத்திலிருந்து வந்தவரே ஒரு பேச்சாளராகவும் இருந்தால், அவருக்கான நன்றியைப் பேச்சாளர் அட்டையில் முடித்துவிட்டு, இங்கே நிறுவனத்துக்கு மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் அவர் பெயர் வந்தால், உரை நிகழ்த்தியதற்கு நன்றியா, பணம் தந்ததற்கு நன்றியா என்று குழம்பிவிடும்.

கல்லூரிக்கும் துறைக்குமான மூன்றாவது அட்டை ஒரு வாக்கியம். "அரங்கத்தையும் ஆய்வகத்தையும் ஒரு நாள் முழுவதும் எங்களுக்கு ஒதுக்கித் தந்த கல்லூரி நிர்வாகத்துக்கும், முதல்வர் …… அவர்களுக்கும், தொடக்கத்திலிருந்து வழிநடத்திய துறைத்தலைவர் …… அவர்களுக்கும் நன்றி." ஒருங்கிணைப்பாளர் தன் பெயரையும் இங்கே எதிர்பார்க்கலாம். அவருக்கென்று அடுத்த சிறு வாக்கியம் ஒன்று போதும். ஒருவருக்கு "அவர்கள்" போட்டால் மேடையில் இருக்கும் எல்லோருக்கும் போட வேண்டும், இதை மட்டும் வாசித்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

தன்னார்வலர்கள்: எல்லோர் பெயருமா, யார் பெயரும் இல்லையா?

முப்பத்தெட்டு மாணவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். தலைப்பெழுத்தோடு ஒரு பெயரைத் தெளிவாகச் சொல்ல இரண்டு வினாடிக்குக் குறையாது. பட்டியலை முழுவதும் வாசித்தால் ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஆகும், பத்தாவது பெயருக்குப் பிறகு அரங்கம் கேட்காது. இதைத் தவிர்க்கக் குழுத்தலைவர்களின் பெயரை மட்டும் வாசிப்பது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. தலைவரின் பெயர் வாசிக்கப்படும் அந்தக் கணத்தில், காலையிலிருந்து நாற்காலி தூக்கிய மற்ற ஆறு பேர் பின் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு குழுவில் எல்லோர் பெயரையும் சொல்ல வேண்டும், அல்லது யார் பெயரையும் சொல்லக் கூடாது. பாதிப் பெயர்தான் காயப்படுத்துகிறது.

செய்ய வேண்டியது இது. முப்பத்தெட்டுப் பெயர்களையும் அகரவரிசையில் ஒரே ஸ்லைடில், குழுத்தலைவர் என்ற அடைமொழி இல்லாமல் போட வேண்டும். நான்காவது அட்டையை வாசிக்கத் தொடங்கும்போது அந்த ஸ்லைடு திரைக்கு வந்து, உரை முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். வாயால் சொல்ல வேண்டியது அவர்கள் செய்த வேலையை. குழுவின் பெயரைச் சொல்வதும் வேலையைச் சொல்வதும் வேறு வேறு. "பதிவுக் குழுவுக்கு நன்றி" என்பது அலுவலகப் பலகை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"திரையில் முப்பத்தெட்டுப் பெயர்கள் இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு வாசல் மேசையில் உட்கார்ந்து நூற்றறுபது பேருடைய பெயரைத் தேடித் தந்தவர்கள் இவர்கள். மைக் இரண்டு முறை நின்றபோது, பேச்சாளர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மாற்று மைக்கைக் கொண்டு வந்தவர்கள் இவர்கள். செய்முறை முடிந்த பிறகு ஐம்பது புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு இப்போதுதான் அரங்கத்துக்கு வந்திருக்கிறார்கள். உங்களுக்கு நன்றி."

கைதட்டல் தானாக வரும் இடம் இதுதான். "பலத்த கரவொலி எழுப்புவோம்" என்று கேட்கத் தேவையில்லை. ஐந்து வினாடி நிறுத்தினால் போதும். அந்த நிறுத்தத்தை அட்டையில் ஒரு கோடாகக் குறித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பதற்றத்தில் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், கைதட்டலும் பேச்சும் மோதிக்கொள்ளும்.

அதே அட்டையில் கல்லூரிப் பணியாளர்கள் வருகிறார்கள். இங்கே என் கணக்கு தலைகீழ்: இவர்களின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆய்வக உதவியாளர், மின்பணியாளர், அரங்கத்தைத் துப்புரவு செய்தவர்கள், ஓட்டுநர், காவலர் என்று பெரும்பாலும் ஆறேழு பேர்தான் இருப்பார்கள், பதினைந்து வினாடி வேலை. மாணவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும், ஆசிரியர்களுக்குப் பணிக்குறிப்பில் ஒரு வரி சேரும். இவர்களுக்கு இந்த நிகழ்ச்சியில் கிடைக்கும் ஒரே பதிவு மேடையில் ஒலிக்கும் அந்தப் பெயர் மட்டும்தான். துறையில் எல்லோரும் "அண்ணா" என்றே கூப்பிட்டுப் பழகியிருப்பதால் முழுப்பெயர் தெரியாமல் இருப்பது சாதாரணம். முந்தின நாளே நேரில் போய், "மேடையில் உங்கள் பெயரை எப்படிச் சொல்லட்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்தால் அந்த நேரத்தில் அவர்கள் அரங்கத்துக்குள் வந்து நிற்கும்படி சொல்லி வைக்கலாம். பெயர் ஒலிக்கும்போது அவர் மின்சார அறையில் இருந்தால் என்ன பயன்?

அட்டைகளும் நேரமும்

தாளுக்குப் பதில் அட்டை என்று சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. தாள் கை நடுக்கத்தைக் காட்டும், மைக்கில் சரசரக்கும். கைபேசித் திரை இருண்டுவிடும், வாசிக்கும்போதே அழைப்பு வரும். அஞ்சலட்டை அளவில் கெட்டியான அட்டை ஐந்து, ஒரு பக்கம் மட்டும் எழுதியது, மூலையில் எண் போட்டது போதும். கீழே விழுந்தாலும் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடலாம்.

நேரக் கணக்கு இப்படி வரும். வணக்கமும் ஒரு வரித் தொடக்கமும் பதினைந்து வினாடி. மூன்று பேச்சாளர்களுக்கு எழுபத்தைந்து வினாடி. புரவலர்களுக்கு முப்பத்தைந்து, கல்லூரிக்கு இருபத்தைந்து, தன்னார்வலர்களுக்கும் பணியாளர்களுக்கும் கைதட்டலோடு சேர்த்து எழுபது. அவையோருக்கும் முடிவுக்கும் பதினைந்து. மொத்தம் நான்கு நிமிடத்துக்கு ஐந்து வினாடி குறைவு. தமிழில் மேடை வேகத்தில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், எழுத்தில் 350 சொற்களுக்குள் நிற்க வேண்டும். ஆனால் சொற்களை எண்ணுவதைவிட, எழுந்து நின்று உரக்க வாசித்து நேரம் பார்ப்பதே நம்பகமானது. உட்கார்ந்து மனத்துக்குள் வாசித்தால் எப்போதும் குறைவாகவே காட்டும்.

தொடக்க வரியில் நன்றியின் மேன்மை பற்றிய செய்யுளும் விளக்கமும் வேண்டாம். அரங்கம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் முதல் பதினைந்து வினாடியை அதில் செலவழித்துவிட்டால், பேச்சாளர் பெயர் வரும்போது கவனம் போயிருக்கும்.

நிகழ்ச்சி தாமதமாகி, "இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும்மா" என்று ஒருங்கிணைப்பாளர் காதில் சொல்வது அடிக்கடி நடக்கும். அதற்கான முடிவை மேடை ஏறிய பிறகு எடுக்க முடியாது. அட்டைகளில் எந்த வாக்கியங்களை விடலாம் என்று முன்பே பென்சிலால் அடைப்புக்குறி போட்டு வைக்க வேண்டும். பேச்சாளர்களுக்கு இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கலாம், புரவலர் அட்டையின் கடைசி வாக்கியத்தை விடலாம், தன்னார்வலர்களின் மூன்று வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்லலாம். பெயர் ஒன்றைக்கூட விடக் கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. அடைப்புக்குள் இருப்பதைத் தாண்டிப் போனாலே இரண்டரை நிமிடத்துக்கு வந்துவிடும், அந்த அரை நிமிடத்துக்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சான்றிதழ் வழங்குவது நன்றியுரைக்குப் பிறகு இருக்கும்படி நிகழ்ச்சி நிரலை அமைப்பதும் உதவும். சான்றிதழை வாங்கியவர்கள் அரங்கத்தில் இருக்க மாட்டார்கள் என்பதை நிரல் போடும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெயர் விடுபடலாம். இருக்கைக்குத் திரும்பி உட்காரும்போதுதான் அது நினைவுக்கு வரும். உடனே மைக்கிடம் ஓடக் கூடாது. ஓடினால் விடுபட்டவர் என்ற முத்திரையோடுதான் அவர் பெயர் ஒலிக்கும். தொகுப்பாளர் இன்னும் மேடையில் இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும் வேலையையும் எழுதிக் கொடுக்கலாம், அவர் தன் நிறைவு வாக்கியத்தில் இயல்பாகச் சேர்த்துவிடுவார். அதற்கும் வாய்ப்பில்லை என்றால் அன்று மாலையே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பெயரை நான்காவது அட்டையில் எழுதிச் சேர்த்துவிட வேண்டும். அந்த ஐந்து அட்டைகளும் வீணாவதில்லை, மறுநாள் காலையில் நன்றிக் கடிதங்கள் எழுதும்போது அவைதான் முகவரிப் பட்டியல். பேச்சாளருக்குப் போகும் கடிதத்தில் பென்சிலால் எழுதிய அந்த இரண்டு வரிகளும் அப்படியே போகலாம்.